பார்த்ததை எழுதினாரா, நினைத்ததை எழுதினாரா?

“மாணவர் பங்கேற்பு குறைவு. கருத்து மாணவர்களைச் சென்றடையவில்லை. மெல்லக் கற்போர் மீது தனிக்கவனம் தேவை.”

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு இந்த மாதிரி வரிகள் புதிதல்ல. பார்வையிட வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கவனிக்கிறார், எழுதுகிறார், கிளம்பிவிடுகிறார். ஆசிரியர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் அதே வகுப்புக்குள் நுழையும்போது, நேற்று செய்ததில் எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. தெரியாததற்குக் காரணம் ஆசிரியரின் அலட்சியம் அல்ல. அந்த மூன்று வரிகளில் அதற்கான தகவலே இல்லை.

வகுப்பறை உற்றுநோக்கல் அறிக்கையைத் தலைமை ஆசிரியர் எழுதலாம், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் எழுதலாம், வட்டாரக் கல்வி அலுவலர் எழுதலாம். தனியார் பள்ளியானால் ஒருங்கிணைப்பாளர் எழுதுவார். யார் எழுதினாலும், அது ஆசிரியர் கைக்குப் போவதற்கு முன் இன்னொருவர் ஒருமுறை படிப்பது பெரும் வித்தியாசத்தை உண்டாக்கும். அப்படிப் படிப்பவர் எழுத்துப்பிழையைத் தேடுவதில்லை. அவர் தேடுவது இரண்டு: சான்று இல்லாமல் சொல்லப்பட்ட தீர்ப்பு, ஆசிரியரால் செய்ய முடியாத ஆலோசனை. இந்த வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரி அறிக்கையை வைத்துப் பார்க்கலாம். பள்ளியும் ஆளும் கற்பனை. அதிலுள்ள வாக்கியங்களோ பல பள்ளிகளின் பார்வைக் குறிப்பேடுகளில் காணக்கூடிய வகைதான்.

நான்காம் வகுப்பு, கணக்கு, பின்னங்கள். வகுப்பில் 28 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. பயிற்றுநர் எழுதிய அறிக்கை இப்படிப் போகிறது: ஆசிரியர் ஆர்வத்துடனும் அன்புடனும் பாடம் நடத்தினார். துணைக்கருவிகள் பயன்படுத்தப்படவில்லை. மாணவர் பங்கேற்பு குறைவு. பின்னங்கள் பற்றிய கருத்து பெரும்பாலான மாணவர்களுக்குப் புரியவில்லை. மாணவர் மையக் கற்பித்தலைக் கடைப்பிடிக்க வேண்டும். மெல்லக் கற்போர் மீது தனிக்கவனம் செலுத்த வேண்டும். வருகையை உயர்த்த வேண்டும்.

மறுவாசிப்புச் செய்பவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். வகுப்பில் வீடியோ கேமரா ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாக்கியம் அதில் தெரியுமா? “துணைக்கருவிகள் பயன்படுத்தப்படவில்லை” தெரியும். கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் தவிர வேறெதுவும் ஆசிரியர் கையில் இல்லை என்பதை யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்வார்கள். “பங்கேற்பு குறைவு” தெரியாது. யார் எத்தனை முறை பேசினார்கள், எத்தனை பேர் நோட்டைத் திறக்கவே இல்லை என்பதெல்லாம் படத்தில் இருக்கும். ‘குறைவு’ என்பது அவற்றைப் பார்த்த பிறகு ஒருவர் மனத்தில் எழும் முடிவு. “புரியவில்லை” இன்னும் ஒரு படி தள்ளியிருக்கிறது. புரிதலை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளை சொன்னதையும் எழுதியதையும் செய்ததையும்தான் பார்க்க முடியும்.

முடிவே எழுதக் கூடாது என்பதல்ல இதன் பொருள். முடிவு சொல்லாத அறிக்கையால் பயனில்லை. அந்த முடிவுக்கு எதைப் பார்த்து வந்தார் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இருந்தால்தான் ஆசிரியர் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். சான்றில்லாத வரியை மறுக்கவும் வழியில்லை. “இல்லை சார், பங்கேற்பு நல்லாத்தான் இருந்துச்சு” என்று ஆசிரியர் சொன்னால் அது வெறும் வாக்குவாதமாகிவிடும். அதில் பதவியில் பெரியவர்தான் ஜெயிப்பார்.

பாராட்டு வரிக்கும் இதே கேள்விதான். “ஆர்வத்துடன் நடத்தினார்” என்பதைப் பலர் அடிக்கோடிடாமல் விட்டுவிடுவார்கள். நல்லதைத்தானே சொல்லியிருக்கிறார் என்ற எண்ணம். எதைச் செய்ததால் அப்படித் தோன்றியது என்று சொல்லாவிட்டால், அடுத்த முறையும் அதைச் செய்ய ஆசிரியருக்கு வழி இல்லை. தவறாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் சிரிக்காமல், “எப்படி யோசிச்சே, சொல்லு” என்று கேட்டிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுவது ‘அன்புடன்’ என்ற சொல்லைவிட மதிப்புள்ளது.

அடுத்து நடக்கும் வேலைதான் முக்கியமானது. மறுவாசிப்புச் செய்பவர் அந்த வகுப்பில் இருந்தவர் அல்ல. எனவே வாக்கியத்தைத் தானாகத் திருத்த அவருக்கு உரிமையில்லை. “பங்கேற்பு குறைவு” என்பதை “சில மாணவர்கள் மட்டுமே விடையளித்தனர்” என்று மாற்றி எழுதிவிட்டால் படிக்கச் சான்று மாதிரியே இருக்கும். உண்மையில் அது மேசையில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. நல்ல நோக்கத்தோடு செய்யப்படுவதால் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. அறிக்கை மெருகேறி வெளியே போகும், அதிலுள்ள பொய்யும் கூடவே போகும். அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: எழுதியவரைக் கூப்பிட்டு, வகுப்பில் எடுத்த கைக்குறிப்பைக் காட்டச் சொல்வது.

“பங்கேற்பு குறைவுன்னு போட்டிருக்கீங்களே, எதைப் பார்த்து?”

“பார்த்தாலே தெரிஞ்சுது மேடம். இருபது வருஷ அனுபவம்.”

“சரி சார், நோட்டைக் கொஞ்சம் திறங்க. கேள்வி கேட்ட நேரமெல்லாம் குறிச்சிருக்கீங்களா?”

அனுபவம் பெரிய சொத்துதான். வகுப்பில் எங்கே பார்க்க வேண்டும், எந்த நோட்டை எடுத்துப் புரட்ட வேண்டும் என்று அதுதான் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் பார்த்ததற்குப் பதிலாக அதை வைக்க முடியாது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மாணவர்களின் தேர்ச்சியை நன்றாக உயர்த்திய ஆசிரியர்கள், அவ்வளவாக உயர்த்தாத ஆசிரியர்கள் ஆகிய இரு வகையினரின் பாட வீடியோக்களையும் கல்வித்துறை அனுபவம் உள்ளவர்களுக்குப் போட்டுக்காட்டி, யார் எந்த வகை என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில்கள் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் கிடைக்கும் அளவுக்குக்கூட மேலாக இல்லை. பலர் ஒத்துப்போவதாலேயே ஒரு மனப்பதிவு சரியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஆய்வின்போது தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடும் வழக்கத்தை 2014-ல் கைவிட்டது. ஒரு வகுப்பைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு அதற்கு மதிப்பெண் போடுவது எவ்வளவு நம்பகமானது என்ற விவாதம் அப்போது அங்கே சூடாக நடந்துகொண்டிருந்தது.

மதிப்பெண் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிவத்திலோ கைப்பேசிச் செயலியிலோ ‘4-க்கு 2’ என்று இருந்தால் அது துல்லியமாகத் தோன்றும். அந்த 2 எதை எண்ணி வந்தது என்று எழுதப்படாதவரை அதுவும் ஓர் அபிப்பிராயமே. எண் உடுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல், ஆமா இல்லையா என்று டிக் அடித்த பகுதியை மட்டும் நிரப்பிவிட்டுக் குறிப்புப் பகுதியை வெறுமையாக விட்ட அறிக்கையையும் மறுவாசிப்புச் செய்பவர் திருப்பி அனுப்ப வேண்டும்.

பயிற்றுநரின் கைக்குறிப்புக்கு வருவோம். நல்லவேளை, அவர் எழுதி வைத்திருந்தார். நேரம் இடப்பக்கம், நடந்தது வலப்பக்கம்.

10.22: ‘மூன்றில் ஒன்று பெரிசா, நாலில் ஒன்று பெரிசா?’ வகுப்பே சேர்ந்து ‘நாலில் ஒன்னு!’ ஆசிரியர்: ‘இல்லை, மூன்றில் ஒன்றுதான் பெரிசு.’ பலகையில் எழுதுகிறார். அடுத்த கணக்கு.

பாடவேளை முழுக்க ஆசிரியர் கேட்ட கேள்விகளை அவர் எண்ணியிருந்தார். மொத்தம் 18. அவற்றில் 14-க்கு வகுப்பே கோரஸாகப் பதில் சொன்னது. நான்கு கேள்விகளை மட்டும் ஆசிரியர் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டார். அதில் மூன்று, முன்வரிசையில் இருந்த அதே இரண்டு பிள்ளைகளுக்குப் போயின. கடைசி ஐந்து நிமிடத்தில் பயிற்றுநர் ஆறு நோட்டுகளை வாங்கிப் பார்த்திருந்தார். முன்வரிசையில் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. படத்துக்கு நிழலிட்டு ¼, ⅓ என்று எழுதும் கணக்கை ஆறு பேரும் சரியாகச் செய்திருந்தார்கள். எது பெரியது என்ற கணக்கில் நான்கு பேர் ¼ பெரியது என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது அறிக்கையை மறுபடி படித்தால் அதன் தீர்ப்புகளே ஆட்டம் காண்கின்றன. பங்கேற்பு குறைவா? 14 கேள்விக்கு வகுப்பே கத்திப் பதில் சொல்லியிருக்கிறது. குறை அதுவல்ல. கோரஸ் பதிலில் யாருக்குத் தெரியும், யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாயசைக்கிறார் என்று ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் குறை. பின்னம் புரியவில்லையா? பார்த்த ஆறு பேருக்கும் பின்னத்தைப் பெயரிடத் தெரிந்திருக்கிறது. ஒப்பிடுவதில்தான் நான்கு பேர் தவறியிருக்கிறார்கள். அந்தத் தவறுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மூன்றைவிட நான்கு பெரியது என்று முழு எண்ணில் படித்ததை அப்படியே பின்னத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். உலகம் முழுக்கத் தொடக்க வகுப்புகளில் காணப்படும் தவறு இது. ‘பெரும்பாலான மாணவர்கள்’ என்பதும் நிற்காது. பார்த்தது 28-ல் ஆறு நோட்டு. ஆறில் நான்கு என்றுதான் எழுதலாம்.

சான்றைத் தேடிப் போனதால் வாக்கியம் நாகரிகமாக மாறவில்லை; கண்டுபிடிப்பே மாறிவிட்டது. மறுவாசிப்பின் பயன் இங்கேதான் இருக்கிறது. கேள்வி கேட்காமல் விட்டிருந்தால், பங்கேற்பைக் கூட்டச் சொல்லி ஓர் ஆலோசனை போயிருக்கும். ஆசிரியர் இன்னும் அதிகமாகக் கோரஸ் கேள்விகள் கேட்டிருப்பார்.

கைக்குறிப்பே இல்லையென்றால்? அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதற்கு வேறு வழி இல்லை. பாதி அறிக்கை போய்விட்டாலும் மீதிப் பாதி உண்மையாக இருக்கும். அடித்ததை ஈடுகட்டச் சுவரில் தொங்கும் படங்களைச் சான்றாகச் சேர்ப்பதும் நடக்கிறது: ‘வகுப்பறையில் அட்டைகள், மாதிரிகள் உள்ளன, செயல்வழிக் கற்றல் நடைபெறுகிறது.’ முதல் பாதி பார்த்தது, இரண்டாம் பாதி பார்க்காதது. அட்டைகளை அன்று ஒரு பிள்ளை கையில் எடுத்ததா என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. சான்று பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அது தீர்ப்பைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுவாசிப்பில் அதிகம் ஏமாற்றுவது இந்த வகை வாக்கியம்தான்.

எண்ணிக் குறிப்பது புதிய பழக்கம் அல்ல. பி.எட். படித்தவர்களுக்கு ஃப்ளாண்டர்ஸ் பெயர் நினைவிருக்கும். மூன்று விநாடிக்கு ஒருமுறை, வகுப்பில் நடப்பது ஆசிரியர் பேச்சா, மாணவர் பேச்சா, அமைதியா என்று பத்து வகைகளில் ஒன்றாகக் குறிக்கும் முறையை வகுத்தவர் அவர். அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பயிற்றுநர் எல்லோரும் மூன்று விநாடிக்கு ஒருமுறை குறிக்கத் தேவையில்லை. ஒரு பாடத்தில் ஒன்றை மட்டும் எண்ணினால் போதும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி இடைவெளி என்பது அப்படி எண்ணத்தக்க ஒன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. “மாணவர்களுக்குச் சிந்திக்க வாய்ப்பளிக்கவும்” என்று எழுதுவதைவிட, “ஐந்து கேள்விகளில் காத்திருந்த நேரம் ஒரு விநாடிக்குள்” என்று எழுதுவது ஆசிரியருக்கு உதவும்.

இனி ஆலோசனைகள். ‘மாணவர் மையக் கற்பித்தலைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்பதை மறுவாசிப்புச் செய்பவர் ஆசிரியரின் இடத்தில் உட்கார்ந்து படிக்கிறார். நாளைக்குக் காலை முதல் பாடவேளையில், கையால் என்ன செய்வேன்? வாயால் என்ன சொல்வேன்? இதற்கு விடை இல்லாத ஆலோசனை திரும்பப் போக வேண்டும். ‘தனிக்கவனம்’ என்பதும் அப்படித்தான். 28 பேரில் யார் மீது, எந்தக் கணக்கில், பாடவேளையின் எந்த நேரத்தில்?

‘வருகையை உயர்த்த வேண்டும்’ என்பது வேறு வகை. ஆசிரியர் அதற்குச் சிறிது செய்யலாம், வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பேசலாம். ஆனால் பெற்றோர் வேலை தேடி வெளியூர் போனதால் வராத பிள்ளையை ஆசிரியரின் கற்பித்தல் அறிக்கையில் அவருடைய குறையாக எழுதுவது நியாயம் அல்ல. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துபவரிடம் “ஐந்தாம் வகுப்பு கவனிக்கப்படவில்லை” என்று எழுதுவதும் அதே கதை. ஆள் பற்றாக்குறையும் அறை வசதியும் தலைமை ஆசிரியருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ போக வேண்டியவை. தனித் தாளில் போகட்டும். அவற்றை மறைக்கச் சொல்லவில்லை. தீர்க்க முடிந்தவரின் மேசைக்கு அனுப்பச் சொல்கிறோம்.

மாதிரி அறிக்கையின் ஏழு வரிகள் இந்த வாசிப்புக்குப் பிறகு இப்படி ஆகின்றன:

“பின்னங்களைப் பெயரிடுவதை நான் பார்த்த ஆறு நோட்டுகளிலும் சரியாகச் செய்திருந்தார்கள். ⅓, ¼ இரண்டில் எது பெரியது என்பதில் ஆறில் நான்கு தவறு. 10.22-க்கு இதே கேள்விக்கு வகுப்பு சேர்ந்து தவறான விடை சொன்னது. நீங்கள் சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனீர்கள். 18 கேள்விகளில் 14-க்குக் கோரஸ் பதில் என்பதால், யாருக்குத் தெரியவில்லை என்று உங்களுக்குத் தெரிய வழியில்லாமல் போனது. அடுத்த கணக்குப் பாடத்தில் ஒப்பிடும் கேள்வி ஒன்றுக்கு, வாயால் சொல்லாமல் எல்லோரையும் ரஃப் நோட்டில் விடை எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது ஒரு சுற்று வந்து பாருங்கள். தவறாக எழுதியவர்களுக்கு 12 செ.மீ. நீளக் காகிதப் பட்டைகள் இரண்டு கொடுத்து, ஒன்றை 4 செ.மீ. துண்டுகளாகவும் மற்றதை 3 செ.மீ. துண்டுகளாகவும் வெட்டி, ஒரு துண்டின் மேல் மற்றதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.”

12 செ.மீ. என்ற அளவு காரணத்தோடுதான் வந்திருக்கிறது. காகிதத்தை மூன்று சம பாகமாக மடிக்க ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வராது. மடிப்பு கோணலானால் துண்டுகள் சமமாக இருக்காது, பாடமே தலைகீழாகிவிடும். 12 என்றால் மூன்றாலும் நான்காலும் வகுபடும், அடிக்கோலால் குறித்துக்கொள்ளலாம். ஆலோசனை எழுதுபவர் தானே ஒருமுறை செய்து பார்த்திருந்தால்தான் இப்படி எழுத வரும். மறுவாசிப்புச் செய்பவர் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஆலோசனை ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனிக்கலாம். பட்டைகள் அந்த ஒன்றின் தொடர்ச்சி. முதல் அறிக்கையில் மூன்று இருந்தன, ஒன்றும் நடந்திருக்காது. துணைக்கருவி இல்லை என்ற சரியான வரிகூட இதில் தனியாக இல்லை. அந்தப் பட்டைகளே துணைக்கருவியாக உள்ளே வந்துவிட்டன. மற்ற குறைகளை என்ன செய்வது என்று பயிற்றுநர்கள் கேட்பதுண்டு. அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் விஷயமாக இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அதை அன்றே, அறிக்கைக்கு வெளியே, உரியவரிடம் சொல்ல வேண்டும். தவறாக எழுதிய பிள்ளைகளின் பெயரும் அறிக்கையில் வரக் கூடாது. எந்தெந்த நோட்டுகள் என்பதை ஆசிரியரிடம் நேரில் சொன்னால் போதும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. ஆறு நோட்டும் 40 நிமிடமும் ஓர் ஆசிரியரைப் பற்றி எதுவும் முடிவு செய்யப் போதாது. அன்றைய ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேசலாம். யாரோ பின்னால் உட்கார்ந்து எழுதுகிறார் என்பதாலேயே வகுப்பு அன்று வேறு மாதிரி நடந்திருக்கலாம். சான்று கேட்கும் பழக்கம் தவறான கையில் போனால், ஆசிரியர் மீது குற்றப்பத்திரிகை தயாரிக்கும் கருவியாகவும் மாறலாம். அதனால் இதே அறிக்கையைப் பணி மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவதா கூடாதா என்பதை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

பயிற்றுநர் மறுபடி அந்தப் பள்ளிக்குப் போகும்போது, அவர் கையில் முதல் அறிக்கை இருக்க வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: ஒப்பிடும் கேள்விக்கு எல்லோரும் எழுதினார்களா, அதே ஆறு நோட்டுகளில் விடை மாறியிருக்கிறதா. ஆசிரியர் சொன்னபடி செய்தும் நான்கு பேரும் இன்னும் ¼-தான் பெரியது என்று எழுதிக்கொண்டிருந்தால், தவறியது ஆலோசனை. இரண்டாம் அறிக்கையின் முதல் வரி அதைச் சொல்கிறதா என்று மறுவாசிப்புச் செய்பவர் பார்ப்பார். சொல்லாமல், “முன்னேற்றம் போதாது” என்று ஆசிரியர் பக்கம் திருப்பியிருந்தால், பென்சில் அங்கேயே நிற்கும்.